"எண்டு" என்று தொடங்கும் துண்டு: கடதாசியில் ஒரு படத்தை வெட்டுதல்

எங்களிடம் இருந்தது நான்கு பேருடைய நேர்காணல்கள். மொத்தம் 4 மணித்தியாலம் 50 நிமிடம். செய்ய நினைத்தது பத்து நிமிடப் படம் ஒன்று. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றறியும் இல்லை. அந்த ஆண்டுகளில் சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதைதான் படம். இந்தக் கதையை எங்கள் வீடுகளில் எல்லோரும் அரைகுறையாகக் கேட்டிருப்போம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்டது. கேட்கக் கேட்க அலுக்காத கதை. அதனால்தான் படமாக்குவதும் ஆபத்து. என்ன படம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

எடிற்றிங் மென்பொருளைத் திறப்பதில்லை என்று ஒரு முடிவோடு தொடங்கினோம். நேர்காணல்கள் முழுவதையும் கையாலும் கணினியாலும் எழுத்தாக்கி, அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, நிலத்தில் பரப்பி, படத்தின் ஒழுங்கைக் கடதாசியில் முடித்துவிட்டுத்தான் ரைம்லைனுக்குப் போவது. இதற்குப் பேப்பர் எடிற் என்று பெயர். பிலிம் காலத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் காசும் நேரமும் போன நாட்களில் வந்த பழக்கம் இது. இப்போது வெட்டுவதற்கு ஒரு சதமும் இல்லை. பிறகு ஏன் இந்த மினக்கேடு என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதற்கான பதிலை இரண்டாவது கிழமையில்தான் கண்டோம். அதைச் சொல்வதற்கு முதல் எழுத்தாக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு மணித்தியால நேர்காணலை எழுத எங்களுக்கு ஐந்து தொடக்கம் ஆறு மணித்தியாலம் எடுத்தது. பேசியதைப் பேசியபடியே எழுதினோம். "இருந்தனாங்கள்" என்று சொன்னதை "இருந்தோம்" என்று திருத்தவில்லை. திருத்தினால் பிறகு அந்தச் சொல்லை ஒலியில் தேடிப் பிடிக்க முடியாது. அதைவிடப் பெரிய பிரச்சினை, திருத்திய வசனம் வாசிக்க நன்றாக இருக்கும், படத்தில் அப்படி இருக்காது. ஒவ்வொரு பந்திக்கும் முன்னால் கிளிப்பின் பெயரும், அந்தக் கிளிப் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது செக்கன் என்பதும். நீண்ட நேர்காணலைப் பல கமராக்கள் தாங்களாகவே இரண்டு மூன்று கோப்புகளாக உடைத்துவிடும். ஆகவே "ரீச்சர், 41ஆவது நிமிடம்" என்று மட்டும் எழுதினால் அது எந்தக் கோப்பில் என்று பிறகு தலையைப் பிய்க்க வேண்டும். அதேபோல ஒலிப்பதிவுக் கருவி கமராவுக்கு முதலே ஓடத் தொடங்கியிருக்கும். ஒருவர் ஒலிக்கோப்பைக் கேட்டும் இன்னொருவர் வீடியோவைப் பார்த்தும் எழுதினால் இரண்டு நேரங்களும் பொருந்தாது. எல்லோரும் வீடியோவை மட்டும் பார்த்து எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு வரி இப்படி இருந்தது:

```
ரீச்சர் | C0012.MP4 | 14:22 – 14:41 | எட்டுப் பத்து வீட்டுச் சனம்
முத்தத்தில வந்து இருக்கும். ஒருத்தரும் கதைக்கேலாது. (நாய் குரைக்குது)
```

அடைப்புக்குறிக்குள் நாய் குரைப்பதை எழுதியது பகிடிக்காக அல்ல. வசனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடுவில் நாய் இருந்தால் அந்த இடத்தில் வெட்ட முடியாது. சிரிப்பு, பெருமூச்சு, மோட்டார் சைக்கிள், குரல் தழும்பியது எல்லாவற்றையும் இப்படிக் குறித்தோம். கடதாசிக்குக் காது இல்லை. நாங்கள்தான் அதற்குச் சொல்லி வைக்க வேண்டும்.

நான்கு பேரையும் பெயர் சொல்லாமல் இப்படி அழைக்கிறோம். டயோட்டும் ஈயமும் தெரிந்த சைக்கிள் கடை ஐயா. ஓய்வுபெற்ற ரீச்சர். கடலுக்குப் போன அண்ணை. 1991இல் பன்னிரண்டு வயதாக இருந்த அக்கா. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறக் கடதாசியில் அச்சடித்தோம். ஐயா மஞ்சள், ரீச்சர் நீலம், அண்ணை பச்சை, அக்கா இளஞ்சிவப்பு. நிலத்தில் பரப்பினால் எங்கே யார் அதிகம் பேசுகிறார் என்பது வாசிக்காமலே தெரியும். மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு இருக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இனித் துண்டு எடுப்பது. இதைப்பற்றி ஆங்கிலத்தில் உள்ள பாடங்களைப் பார்த்தால் மிகச் சுலபமான வேலை போல இருக்கும். நல்ல வசனத்தைக் கண்டுபிடி, அடையாளமிடு, வெட்டு. தமிழில், அதிலும் எங்கட சனம் கதைக்கிற தமிழில், வசனம் அப்படி வந்து நிற்பதில்லை. ஐயா சொன்னதைப் பாருங்கோ:

"எங்கட மாமாவின்ர பழைய ரேடியோப்பெட்டி ஒண்டு கிடந்தது, அதைக் கழட்டி, அதுக்குள்ள இருந்த டயோட்டை எடுத்து, ஈயம் இல்லாதபடியா பழைய ஒட்டுக்களை உருக்கி, அதால ஒட்டி, பிறகு டைனமோவில இருந்து வயரைக் கொண்டுவந்து குடுத்து, சில்லைச் சுத்திப் பாத்தா, பேசுது!"

இதில் முடிந்த வினை இரண்டே இரண்டு: "கிடந்தது", "பேசுது". இடையில் உள்ள கழட்டி, எடுத்து, உருக்கி, ஒட்டி எல்லாம் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நிற்கின்றன. எந்த இடத்தில் வெட்டினாலும் காற்றில் தொங்கும். காதும் அதை உணரும். குரல் மேலே ஏறி நிற்கும், இறங்காது. ஆகவே நல்ல வசனத்தைத் தேடுவதற்கு முதல், பேனையை எடுத்து வினைமுற்றுகள் எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டோம். பள்ளிக்கூடத்தில் வெறுத்த வேலை. ஆனால் கோடு போட்ட பக்கத்தைப் பார்த்தால் எங்கெங்கே வெட்டலாம் என்பது வரைபடம் மாதிரித் தெரிகிறது. ஐயாவின் இந்தத் துண்டை வெட்டவே இல்லை. 34 செக்கன் முழுவதையும் வைத்தோம். அந்தப் "பேசுது"க்காகத்தான் அத்தனை எச்சமும் வரிசையில் நின்றது.

இன்னொன்று, தமிழில் எழுவாய் இல்லாமலே கதைக்கலாம். "சுத்திக்கொண்டு இருப்பா" என்று அண்ணை சொல்கிறார். யார்? இரண்டு வசனத்துக்கு முதல் சொல்லியிருப்பார், அல்லது நாங்கள் கேட்ட கேள்வியில் இருந்திருக்கும். எங்களுடைய குரல் படத்தில் வரப்போவதில்லை. ஒவ்வொரு துண்டையும் நேர்காணலுக்கு வராத ஒருவரிடம் தனியாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். "ஆர்?" "எது?" என்று அவர் கேட்டால் அந்தத் துண்டுக்கு முன்னால் இன்னும் ஒரு வசனம் வேண்டும், இல்லாவிட்டால் அது பாவனைக்கு உதவாது.

இப்படி 52 துண்டுகள் சேர்ந்தன. நேரங்களைக் கூட்டினால் 34 நிமிடம்.

இனித்தான் ரீச்சர் சொன்ன அந்த வசனம். படமெடுக்கும்போதே இது முக்கியமான இடம் என்று எல்லோருக்கும் பட்டது. அவர் சொன்னது:

"அந்தக் காலத்தில எல்லாரும் ஒற்றுமையா, சந்தோசமா இருந்தனாங்கள் எண்டு இப்ப வெளியில இருந்து வாற ஆக்கள் சொல்லுவினம். நான் அப்பிடிச் சொல்லமாட்டன். பயத்தில ஒண்டா இருந்தனாங்கள்."

முழுவதும் 19 செக்கன். முதல் பகுதி மட்டும் 6 செக்கன். "இருந்தனாங்கள்" என்ற இடத்தில் ஒரு சின்ன மூச்சு எடுக்கிறார். கோடு போடும் விதிப்படி அது வினைமுற்றுத்தான். வெட்டலாம். ரைம்லைனில் வெட்டினால் மிக அழகாக வெட்டுப்படும். முற்றத்தில் இருக்கிற சனத்தின் பழைய படம் ஒன்றை மேலே போட்டால் வெட்டு இருப்பதே தெரியாது. படம் தொடங்குவதற்கு ஏற்ற வரி. பார்ப்பவர்கள் எல்லோரும் எதிர்பார்க்கும் வரியும் அதுதான்.

கடதாசியில் அதையே கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தோம். கையில் ஒரு துண்டு, நிலத்தில் ஒரு துண்டு. நிலத்தில் கிடந்த துண்டு "எண்டு" என்று தொடங்கியது.

எந்தத் தமிழ் வசனமும் "எண்டு" என்று தொடங்காது. அதற்கு முதல் யாரோ சொன்ன ஒன்று இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவதும் கெட்டுவிடுகிறது, எடுத்ததும் பொய்யாகிவிடுகிறது. ரீச்சர் மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன மற்றவர்களின் கருத்து, ரீச்சரின் வாயால் ரீச்சரின் கருத்தாக வெளிவரும். அவருடைய குரல், அவருடைய முகம், அவர் உண்மையில் உச்சரித்த சொற்கள். ஒரு சொல்லைக்கூட நாங்கள் சேர்த்திருக்க மாட்டோம். ஆங்கிலத்தில் "ஒருவர் சொல்கிறார்" என்பது வசனத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், வெட்டுகிறவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். எங்கள் மொழியில் அது கடைசியில் வருகிறது. வசனம் முடியுமட்டும் அது யாருடைய கருத்து என்று தெரியாது. ரைம்லைனில் வெட்டி எறிந்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கடதாசியில் அது காலடியில் கிடக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தோம். எந்தத் துண்டையும் வெட்டினால் வெட்டி எடுத்த மிச்சத்தை வீசாமல் அதே துண்டின் பின்னால் கிளிப் போட்டு வைப்பது. நடுவில் ஏதாவது எடுத்தால் அந்த இடத்தில் சிவப்பு மையால் மூன்று புள்ளி. படத்தில் அந்த மூன்று புள்ளியை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனாலேயே கடதாசியில் அது பெரிதாகத் தெரிய வேண்டும். ஒரே துண்டில் மூன்று இடத்தில் சிவப்புப் புள்ளி வந்தால் அது அவர் சொன்ன வசனமா நாங்கள் செய்த வசனமா என்று கேட்டுக்கொள்வோம். தொலைக்காட்சி உலகில் இப்படி ஒட்டிச் செய்த வசனத்துக்கு, பிராங்கன்ஸ்டைனின் பேரை வைத்து, பிராங்கன்பைட் என்று ஒரு கெட்ட பெயரே இருக்கிறது. ரீச்சரின் 19 செக்கனையும் முழுதாக வைத்தோம். "பயத்தில ஒண்டா இருந்தனாங்கள்" என்பது "சந்தோசமா" இருந்ததைவிடப் பலமான வரி என்பதும், படம் எதைப்பற்றி என்பதும் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

துண்டுகளை அடுக்குவதற்கு முதலில் தலைப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். ரேடியோ செய்த விதம், கேட்ட விதம், என்ன செய்தி, எப்படி முடிந்தது. நான்கு குவியல். வாசித்துப் பார்த்தால் நித்திரை வந்தது. ஒவ்வொரு குவியலிலும் நான்கு நிறமும் ஒரே விசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. தலைப்பு ஒரு பாடப்புத்தகத்துக்குச் சரி, படத்துக்கு ஒழுங்கு ஆகாது.

பிறகு ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் ஒரு வரி எழுதினோம். இதைக் கேட்பதற்கு முதல் தெரியாத எது இதைக் கேட்ட பிறகு பார்ப்பவருக்குத் தெரியும்? அந்த வரி மட்டும். இரண்டு துண்டின் பின்னால் ஒரே வரி வந்தால் ஒன்று வெளியே. இதில் மிக நல்ல துண்டுகள் சில போயின. ஐயா செப்புக் கம்பி தேடிப் போன கதை ஒன்று இருந்தது, சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஆனால் அதன் பின்னால் எழுதக்கூடியது "ஐயா கெட்டிக்காரன்" என்பதுதான், அது டயோட்டுத் துண்டின் பின்னால் ஏற்கனவே இருந்தது. 52 துண்டு 29 ஆகியது, 16 நிமிடம்.

எழுதிய பின்பக்கங்களை மட்டும் மேலே தெரியும்படி கவிட்டு வைத்து வாசித்தபோது ஒரு விசயம் கண்ணில் பட்டது. ரீச்சர் சொல்கிறார்: "செய்தி முடியுமட்டும் பிள்ளையள் மாறி மாறிச் சுத்துங்கள்." அண்ணை சொல்கிறார்: "நாங்கள் கேட்டுக்கொண்டு இருப்பம், தங்கச்சி சுத்திக்கொண்டு இருப்பா." ஐயா சொல்கிறார்: "ஆராவது சின்னனுகளைக் கூப்பிட்டுச் சுத்தச் சொல்லுறது." மூன்று பேரும் வேறு ஏதோ சொல்லிக்கொண்டு போகிற வழியில் தட்டிவிட்டுப் போன வரிகள். நேர்காணலின்போது அவற்றில் ஒன்றையும் நாங்கள் தொடர்ந்து கேட்கவில்லை, கேட்கத் தோன்றும் வரிகளும் அல்ல. ஆனால் இளஞ்சிவப்புக் கடதாசியில் அக்கா சொன்னது இது:

"நான்தான் சுத்துறது. எனக்குச் செய்தி கேக்காது. டைனமோ சில்லில உரஞ்சுற சத்தம்தான் கேக்கும். அவையின்ர முகத்தைப் பாத்துத்தான் என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும்."

நான்கு மணித்தியாலம் 50 நிமிடத்தையும் கணினியில் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் இந்த மூன்று தட்டுவரிகளும் ஒன்றுக்கொன்று மணித்தியாலக் கணக்குத் தூரத்தில் இருந்திருக்கும். நிலத்தில் அவை ஒரு முழ இடைவெளியில் கிடந்தன. டைனமோவின் கெட்டித்தனம் பற்றிய படமாக இருந்தது, சுற்றியவர் யார், கேட்டவர் யார் என்ற படமாக மாறியது அந்தப் பின்னேரம்தான். சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டினோம்: "ஊர் முழுக்கக் கேட்ட செய்தியை, அதைக் கேட்க வைத்த பிள்ளை கேட்கவில்லை." இந்த வரிக்கு உதவாத துண்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும், உறைக்குள்.

பிறகு அடுக்குவது தானாகவே வந்தது. ஒரு துண்டு ஒரு கேள்வியை விட்டுப் போக வேண்டும், அடுத்தது அதை எடுக்க வேண்டும். முற்றத்தில் ஒருவரும் கதைக்காமல் இருந்ததை ரீச்சர் சொல்கிறார். எதற்காக? ரேடியோவுக்காக. மின்சாரமும் பற்றறியும் இல்லாமல் எப்படி ரேடியோ? ஐயா: "நாலு பற்றறி போடுற ரேடியோ, ஆறு வோல்ற். டைனமோவும் ஆறு வோல்ற். ஆனா நேர குடுத்தா சரிவராது." டைனமோவில் வருவது மாறி மாறி ஓடும் மின்சாரம், ரேடியோவுக்கு வேண்டியது ஒரு பக்கமாக ஓடுவது. அதைத் திருப்பத்தான் டயோட். வேகம் குறைந்தால் குரல் தேய்ந்து போகும், கூடினால் இரையும். அப்படியானால் ஒரே வேகத்தில் சுற்ற ஆள் வேண்டுமே? அண்ணை: தங்கச்சி சுற்றுவா. பிறகு அக்கா. அவரைப் படத்தின் அரைவாசிக்குப் பிறகுதான் முதன்முதலாகக் காட்டுவது என்று முடிவெடுத்தோம். அதுவரை அவர் மற்றவர்களின் வசனங்களுக்குள் "சின்னனுகள்" ஆக, "பிள்ளையள்" ஆக, "தங்கச்சி" ஆக மட்டும் இருக்கிறார்.

இந்த ஒழுங்கைத் தாளில் எழுதி, இடப்பக்கம் படம், வலப்பக்கம் பேச்சு என்று இரண்டு நிரலாக்கி, எங்கள் குழுவில் இல்லாத ஒரு சிநேகிதியிடம் கொடுத்தோம். வாசித்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த அண்ணையும் அக்காவும் சகோதரங்களோ?" இல்லை. ஒருவரை ஒருவர் தெரியாது, ஊரும் வேறு. ஆனால் "தங்கச்சி சுத்துவா" என்று ஒருவர் சொன்ன அடுத்த கணம் "நான்தான் சுத்துறது" என்று ஒரு பெண் சொன்னால் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். எந்தத் துண்டையும் வெட்டாமல், எந்தச் சொல்லையும் மாற்றாமல், இரண்டைப் பக்கத்தில் வைத்ததாலேயே இல்லாத ஒரு குடும்பத்தை நாங்கள் உருவாக்கியிருந்தோம். எங்களுக்கு இரண்டு பேரையும் தெரிந்தபடியால் எங்கள் கண்ணில் அது படவே படாது. அக்காவின் எழுத்தாக்கத்தைத் திரும்பப் புரட்டினோம். C0021.MP4இல் மூன்றாவது நிமிடத்தில் "வீட்டில நான்தான் மூத்தது, எனக்குப் பிறகு மூண்டு பேர்" என்று ஒரு வரி. நான்கு செக்கன். அதை அவருடைய முதல் வரியாக வைத்தோம். மூத்தவருக்கு அண்ணை இருக்க முடியாது. படத்தில் பெயரோடு ஊரையும் எழுதினோம்.

வெள்ளைக் கடதாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாத, ஆனால் படத்துக்குத் தேவையானவை எல்லாம் வெள்ளைத் துண்டில். பொருளாதாரத் தடை என்றால் என்ன என்று நான்கு பேரில் ஒருவரும் விளக்கவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கதைத்தார்கள். படத்தைப் பார்க்கப் போகிற பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்கு எழுத்தில் இரண்டு வரி, வெள்ளைத் துண்டு, 8 செக்கன். சில்லு சுற்றும் சத்தத்துக்கு இன்னொரு வெள்ளைத் துண்டு. அது எங்கள் பதிவுகளில் எங்குமே இல்லை. ரைம்லைனில் பாதிப் படம் முடிந்த பிறகு தெரிந்திருந்தால் இணையத்தில் ஏதாவது சத்தத்தை எடுத்து ஒட்டியிருப்போம். இப்போது நேரம் இருந்தது. ஐயாவின் கடைக்குத் திரும்பப் போய், பழைய சைக்கிள் ஒன்றைக் கவிட்டு வைத்து, டைனமோவைச் சில்லில் சாத்தி, ஐந்து நிமிடம் சத்தத்தை மட்டும் பதிந்தோம். சுற்றுகிறவரின் காதுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தோம். அந்த இடத்தில் ரேடியோ உண்மையிலேயே கேட்கவில்லை.

கடைசிக் கணக்கு: 19 துண்டு, பேச்சு 7 நிமிடம் 40 செக்கன். வெள்ளைத் துண்டுகள் 2 நிமிடம் 30 செக்கன். இந்த நேரத்தை வாசித்துப் பார்த்துக் கணிக்கக்கூடாது. ஐயா சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் கதைப்பார், அக்கா கடகடவென்று. எழுத்தில் ஒரே நீளமான இரண்டு துண்டுகளுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது. தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கழித்துப் பார்ப்பதுதான் கணக்கு.

ரைம்லைனில் போடுவதற்கு ஒரு இரவு காணும். எந்தக் கோப்பு, எந்தச் செக்கன் என்று எல்லாம் கையில் இருக்கிறது. ஆனால் கடதாசியில் சரியாக இருந்த மூன்று துண்டுகள் காதில் சரிவரவில்லை. ஒன்றில் வினைமுற்று இருந்தது, குரல் இறங்கவில்லை. ஒன்றில் குரல் அடுத்த துண்டின் குரலைவிட மிக உற்சாகமாக இருந்தது, பக்கத்தில் வைக்கக் கூசியது. மூன்றாவது, அண்ணை "நல்லாத்தான் இருந்தது" என்று சொன்ன வரி. எழுத்தில் பாராட்டு. குரலில் முழு நக்கல். அதை எழுதியவர் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் போடவில்லை, ஏனென்றால் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்தான் அண்ணை அதைச் சொல்லியிருந்தார். திரையைப் பாராமல், கண்ணை மூடிக்கொண்டு, பேச்சை மட்டும் ஒரே மூச்சில் கேட்டபோதுதான் அது பிடிபட்டது. மூன்றையும் உறையிலிருந்து எடுத்த வேறு துண்டுகளால் மாற்றினோம்.

கடைசித் துண்டு அக்காவுடையது. "ஒரு நாள் மட்டும் அப்பா பாதியில 'நிப்பாட்டு' எண்டார். செய்தி முடியேல்லை. என்ன செய்தி எண்டு நான் பிறகும் கேக்கேல்லை." என்ன செய்தியாக இருக்கலாம் என்று அண்ணையிடமும் ரீச்சரிடமும் ஊகங்கள் இருந்தன, அவற்றில் ஒன்றைப் பின்னால் வைத்தால் படம் பதிலோடு முடிந்திருக்கும். இரண்டையும் உறைக்குள் போட்டோம். அக்காவுக்குத் தெரியாத ஒன்றை அவருடைய படத்தில் மற்றவர்கள் தெரிந்துகொள்ளக்கூடாது. அவருக்குப் பிறகு ஒரு வெள்ளைத் துண்டு. இடப்பக்கம்: சில்லு. வலப்பக்கம் பேச்சு ஒன்றுமில்லை, சிவப்பு மையில் "ஓயும் சத்தம், 11 செக்கன்."